சிலிண்டர் மூலையில் நிற்கிறது, அடுப்பில் சவுக்கு மிலாறு எரிகிறது: ஏன்?

செஞ்சிப்பக்கம்

நான் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு 2018-ல் உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு கிடைத்தது. அடுப்பு இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. சிலிண்டர் மேல் பழைய புடவையைச் சுற்றி, அதன் மேல் அரிசிக் கூடையை வைத்திருக்கிறார்கள். சமையல் பூராவும் வாசல் பக்கத்துத் தாழ்வாரத்தில், மண் அடுப்பில். சவுக்கு மிலாறு, வேலிக்காத்தான் முள், சீசனில் கரும்புச் சோகை. ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதி, அந்த அக்கா இருமுவது எங்கள் வீட்டுத் திண்ணை வரை கேட்கும்.

கேட்டால், "காலி ஆயிடுச்சுப்பா, வாங்கணும்" என்கிறார்கள். காலியாகி இரண்டு மாதம் ஆகிறது. இணைப்பும் அடுப்பும் கையில் இருக்கும்போது ஏன் திரும்ப விறகுக்கே போகிறார்கள்? ருசியா, பழக்கமா, பயமா, காசா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு

ரொம்ப யோசிக்க வேண்டாம். சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது. அதோடு விறகடுப்புச் சோறும் மீன்குழம்பும் வேறு ருசி என்று நம் ஆட்களே சொல்வார்கள். எங்கள் அம்மாச்சி கடைசி வரை கேஸில் சமைத்த குழம்பைத் தொடவில்லை. மனசு மாறாமல் எந்த அடுப்பைக் கொடுத்தாலும் இப்படித்தான் மூலையில் நிற்கும்.

புகைபோக்கி

நேர்பேச்சு சொல்வதில் பாதி சரி. ருசி என்பது உண்மைதான், ஆனால் அது மீன்குழம்புக்கும் களிக்கும். காலை டீக்கும் பிள்ளைக்கு வெந்நீருக்கும் யாரும் ருசி பார்த்து விறகு மூட்டுவதில்லை.

ருசியும் பழக்கமும்தான் தடை என்றால், காசையும் அலைச்சலையும் எடுத்துவிட்டாலும் மக்கள் விறகை விடக்கூடாது. அதைச் சோதித்துப் பார்த்தாயிற்று, அதுவும் உங்கள் மாவட்டத்திலேயே. ஹேப்பின் என்று ஓர் ஆய்வு, நான்கு நாடுகளில்: குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா. இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். மொத்தம் 3200 கர்ப்பிணிகள், நாட்டுக்கு 800 பேர். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்து, 18 மாதம் வாயுவை வீட்டு வாசலிலேயே இலவசமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய அடுப்பில் சூடு உணரும் சின்னக் கருவியை ஒட்டி, அது எரிகிறதா இல்லையா என்றும் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் விறகு நின்றுபோனது. அவர்கள் யாரும் ருசி மறந்தவர்கள் இல்லை. சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்ற கவலை மட்டும்தான் இல்லை.

'சும்மா கொடுத்தால் மதிப்பில்லை' என்பதும் அங்கேயே அடிபட்டுப் போகிறது. சும்மா கொடுத்ததைத்தான் அதிகமாகப் பயன்படுத்தினார்கள்.

நேர்பேச்சு

அந்த ஆய்வில் இருந்தவர்கள் கர்ப்பிணிகள். வாராவாரம் யாராவது வந்து பார்க்கிறார்கள், அடுப்பில் கருவி ஒட்டியிருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் யார்தான் விறகு எரிப்பார்கள்? அதை வைத்து ஊர் முழுக்கச் சொல்ல முடியுமா?

புகைபோக்கி

நியாயமான கேள்வி. கண்காணிப்பு இருந்தால் நடத்தை மாறும், ஒத்துக்கொள்கிறேன். அதனால் கண்காணிப்பே இல்லாத ஒரு கணக்கைப் பாருங்கள். உஜ்வலா வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சிலிண்டர் வாங்கின என்பது அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த எண். 2019-20-ல் 3.01. கொரோனா வந்து மூன்று சிலிண்டர் இலவசம் என்று அறிவித்த 2020-21-ல் 4.39. இலவசம் நின்ற அடுத்த ஆண்டு 3.68. ஒரே வருஷத்தில் மனசு மாறி, மறு வருஷம் திரும்ப மாறிவிடாது. விலைதான் மாறியது.

செஞ்சிப்பக்கம், அந்த அக்கா வீட்டில் எத்தனை பேர், போன வருஷம் எத்தனை சிலிண்டர், கூலி எப்படி வருகிறது என்று கேட்டுச் சொல்ல முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ராணி_கோவை

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். நாலு பேர், சிலிண்டர் 35 நாள்தான் வருகிறது. முன்பு 50 நாள் வரும். தீயும் மஞ்சளாக எரிகிறது. லீக்காக இருக்குமோ? யாராவது சொல்லுங்கள்.

புகைபோக்கி

ராணி, இங்கே பேசுவது வேறு, ஆனாலும் சொல்கிறேன். மஞ்சள் தீ என்றால் காற்று சரியாகக் கலக்கவில்லை. பர்னரைக் கழற்றி ஊசியால் ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள், கீழே காற்று போகும் வாயில் எண்ணெய்ப் பிசுக்கோ பூச்சிக் கூடோ இருக்கிறதா பாருங்கள். பாத்திரத்தின் அடி கருத்தால் அதுதான் காரணம். லீக் சந்தேகம் இருந்தால் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள்.

செஞ்சிப்பக்கம்

கேட்டுவிட்டேன். வீட்டில் ஐந்து பேர்: அக்கா, மாமா, மாமியார், இரண்டு பிள்ளைகள். ஒரு கறவை மாடு. போன வருஷம் மூன்று சிலிண்டர். அக்கா நாற்று நடவு, களை வெட்டு, நூறு நாள் வேலை. களை வெட்டுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய். மாமா கட்டட வேலை, வாரக் கூலி. சிலிண்டருக்கு 870 ரூபாய், எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து போட 50. மானியம் வருவதே இல்லை என்கிறார்கள்.

விறகுக்கு என்ன செலவு என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "விறகுக்கு எதுக்குப்பா காசு?" என்றார்கள். விறகுக் கடையில் கிலோ 6 ரூபாய் என்று நான்தான் தனியாக விசாரித்தேன்.

புகைபோக்கி

நல்லது, இதை வைத்துப் பார்ப்போம்.

14.2 கிலோ வாயுவில் ஏறக்குறைய 650 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நல்ல பர்னர் அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் பாத்திரத்துக்குக் கொடுக்கும். 400 என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த விறகில் கிலோவுக்கு 16 மெகாஜூல்தான், அதிலும் சாதாரண மண் அடுப்பில் பாத்திரத்தில் ஏறுவது எட்டில் ஒரு பங்கு. கிலோவுக்கு 2 மெகாஜூல். ஆக ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 200 கிலோ விறகு வேண்டும். உங்கள் ஊர்க் கடை விலையில் அது 1200 ரூபாய். சிலிண்டர் 920. விறகைக் காசு கொடுத்து வாங்குபவனுக்கு கேஸ்தான் மலிவு. நகரத்துக் கூலிக் குடும்பங்கள் சீக்கிரம் கேஸுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அக்காவின் விறகுக்கு விலையே இல்லை. கரையோரம் ஒரு நடை போய் ஒரு கட்டுச் சுமந்து வந்தால் இரண்டு நாள் ஓடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு எங்கும் கூலி கிடையாது என்றால், அவர்கள் கணக்கில் அது பூஜ்யம். 920 ரூபாய் கேஸ் போட்டியிடுவது 1200 ரூபாய் விறகோடு இல்லை, பூஜ்யத்தோடு.

ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு நாலரை, ஐந்து கிலோ விறகு எரியும். எல்லாவற்றையும் கேஸில் செய்தால் சிலிண்டர் 40 நாள், 45 நாள். வருஷத்துக்கு எட்டு ஒன்பது வேண்டும். மூன்று வாங்குகிறார்கள் என்றால் சமையலில் மூன்றில் ஒரு பங்குதான் கேஸ்.

கொடியடுப்பு

பூஜ்யம் என்று சொல்வது யாருடைய கணக்கு என்பதையும் பேசுங்கள். நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். சிலிண்டருக்குக் காசு அப்பா சட்டைப்பையிலிருந்து வரவேண்டும். விறகு அம்மாவின் தலையில் வரும். அப்பாவுக்கு அது பூஜ்யம்தான். அம்மாவுக்குக் கழுத்து வலி. கேஸ் வாங்கு என்று அம்மா ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. இன்னும் முக்கியமான சண்டைகள் இருந்தன.

இன்னொன்று. எங்கள் வீட்டில் அடுப்பு என்பது சோற்றுக்கு மட்டும் இல்லை. ஐந்து பேர் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, தை மாதம் நெல் அவிக்க அண்டா. கேஸ் அடுப்பில் அண்டாவை வைக்கவே முடியாது. ஆக எப்படியும் விறகு மூட்டத்தான் போகிறோம். மூட்டிய தீ வீணாகவா போகும்? பக்கத்துக் கொடியடுப்பில் குழம்பை ஏற்றிவிடுவோம்.

புகைபோக்கி

கொடியடுப்பு சொல்வதுதான் திட்டம் போடுபவர்கள் கண்ணில் படாத இடம். ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். உண்மையில் பழைய அடுப்பு போவதில்லை, புதியது பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. சரி, மூன்றில் ஒரு பங்கு புகை குறைந்ததே, அந்த அளவுக்கு நுரையீரலுக்கு லாபம்தானே என்று கேட்டால், இல்லை. புகையின் கெடுதல் நேர்க்கோட்டில் போவதில்லை. அதிகப் புகையில் கொஞ்சம் குறைத்தால் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கிட்டத்தட்ட முழுக்க நின்றால்தான் பலன் வேகமாக வரும்.

சிலிண்டர்_தம்பி

நான் ஒரு கேஸ் ஏஜென்சியில் வண்டி ஓட்டுகிறேன். மானியம் வரவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அது நீங்கள் கேஸ் புக்கில் எழுதிக்கொடுத்த கணக்குக்குப் போகாது. ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கே போய் விழும். நூறு நாள் வேலைக்கோ மகளிர் குழுவுக்கோ புதுசாகக் கணக்குத் திறந்திருந்தால் அங்கே பாருங்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், 300 ரூபாய் மானியம் பின்னால்தான் வரும். வாசலில் என்னிடம் முழுக் காசும் கொடுக்க வேண்டும். "தம்பி, இப்ப 500 வச்சுக்க, மானியம் வந்ததும் மீதியைத் தரேன்" என்று கேட்ட அம்மாக்கள் எத்தனையோ பேர். நான் முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே, என்ன செய்வேன்? சிலிண்டரைத் திரும்ப வண்டியில் ஏற்றுவது எனக்கும் கஷ்டம்தான்.

உள் கிராமத்துக்கு வாரம் ஒரு நாள்தான் வண்டி. அன்றைக்கு அவர்கள் நடவுக்குப் போயிருந்தால் அடுத்த வாரம்தான்.

செஞ்சிப்பக்கம்

தம்பி, நீங்கள் சொன்ன மாதிரியே ஆயிற்று. அக்காவின் நூறு நாள் வேலைக் கணக்குப் புத்தகத்தைப் பதியக் கொடுத்தோம். மூன்று சிலிண்டருக்கும் மானியம் வந்திருக்கிறது. நூறு நாள் கூலி என்று நினைத்து எடுத்துச் செலவும் செய்துவிட்டார்கள்!

ஏன் அப்போதே வாங்கவில்லை என்றும் கேட்டேன். சிலிண்டர் தீர்ந்தது ஆடியில். நடவு முடிந்து, களைக்கு இன்னும் நாள் இருக்கும் நேரம். அந்த வாரம் பள்ளிக்கூடச் செலவு வேறு. 920 ரூபாய் என்றால் மூன்று நாள் கூலி. தீர்ந்த வாரம் கையில் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் கையில் வந்தபோது விறகு வழக்கமாகிவிட்டது.

மாஸ்டர்_1962

நீங்கள் கேஸைப் பேசுகிறீர்கள். நான் அதற்கு முந்தைய கதை. 80-களின் கடைசியில் புகையில்லா அடுப்பு கட்டப் பயிற்சி எடுத்து, ஊர் ஊராகப் போய் நானூறு அடுப்புக்கு மேல் கட்டினவன். மத்திய அரசின் திட்டம், 2002-ல் நிறுத்தினார்கள். அதற்குள் நாடு முழுக்க மூன்றரைக் கோடி அடுப்பு கொடுத்ததாகக் கணக்கு. நான் கட்டினதில் இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பத்துக்கு இரண்டு நல்லபடி எரிந்தால் அதிகம்.

அடுப்பு மோசம் இல்லை. இரண்டு கண், பின்னால் சிமென்ட் குழாய், மேலே தொப்பி. முன் கண்ணில் தீ, அந்தச் சூடு பின் கண்ணுக்குப் போய் அங்கிருந்து குழாய் வழியே வெளியே. இது வேலை செய்ய வேண்டுமென்றால் பானை கண்ணில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நாங்கள் ஒரே அச்சில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் கண் வைத்தோம். ஒரு வீட்டில் அகலமான மண்சட்டி, ஒரு வீட்டில் சின்ன அலுமினியக் குண்டான். குண்டான் கண்ணுக்குள் இறங்கிவிடும், இல்லை ஓரத்தில் சந்து விடும். அந்தச் சந்து வழியே புகை உள்ளேயே வரும்.

அப்புறம் விறகு வாய். சின்னதாக இருந்தால்தான் இழுவை சரியாக இருக்கும், அதற்கு விறகைப் பிளந்து போட வேண்டும். முள்ளையும் வேரையும் எந்த அம்மா உட்கார்ந்து பிளப்பார்? ஒரு மாதத்தில் அரிவாளால் வாயைக் கொத்திப் பெரிதாக்கிவிடுவார்கள். இழுவை போச்சு.

குழாயில் கரி அடைக்கும். மாதம் ஒரு தடவை தொப்பியைக் கழற்றித் தட்ட வேண்டும். கூரை மேல் யார் ஏறுவது? கூரை வீட்டில் குழாய் போகக் கீற்றைப் பிரித்த இடத்தில் மழை ஒழுகும். ஐப்பசியில் அதை அடைத்துவிட்டுப் பழையபடி மூன்று கல். குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் காகிதத்தைக் கொளுத்திப் பின் கண்ணில் காட்டுவோம். ஜுவாலை குழாய்ப் பக்கம் சாய்ந்தால் சரி, நேரே நின்றால் அடைப்பு, முன்னால் வந்தால் அடுப்பு செத்துப்போச்சு என்று அர்த்தம்.

எங்களுக்கு எத்தனை அடுப்பு கட்டினோம் என்றுதான் காசு. எத்தனை எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

புகைபோக்கி

மாஸ்டர் ஐயா, நீங்கள் சொன்னதை ஒடிசாவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2600 வீடுகளை நாலு வருஷம் பின்தொடர்ந்தார்கள். அதுவும் குழாய் வைத்த மண் அடுப்புதான். முதல் வருஷம் சமைப்பவர் இழுக்கும் புகை குறைந்தது. அதற்கப்புறம் வித்தியாசமே இல்லை. பழுது பார்க்கவில்லை, பயன்பாடும் குறைந்துபோயிற்று. விறகும் மிச்சமாகவில்லை.

ஹட்டன்_பெடியன்

எங்கட பக்கத்துக் கதை வேறு மாதிரி. இலங்கையில் அனகி அடுப்பு என்று ஒன்று இருக்கிறது. 80-களில் வந்தது, சுட்ட மண்ணில் ஒரே உருப்படியாக இரண்டு பானை வைக்கிற மாதிரிச் செய்வார்கள். அரசாங்கம் வந்து கட்டித் தருவதில்லை. குயவர்கள் செய்து கடைக்குப் போடுகிறார்கள், சட்டி பானையோடு சேர்த்து வாங்கலாம். உடைந்தால் இன்னொன்று. அம்மா வீட்டில் அதை வைத்துச் சுற்றிவர மண் பூசி வைத்திருக்கிறார். விறகு நன்றாக மிச்சம்.

2022-ல் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டர் 1493 ரூபாயிலிருந்து 2675 ஆனது. 2022 ஏப்ரலில் 4860. அதுவும் வரிசையில் இரண்டு நாள் நின்றால்தான். கொழும்பில் மாடிவீட்டுக்காரர்கள் பல்கனியில் விறகு மூட்டினார்கள். எங்களுக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டின தேயிலை மிலாறு இருந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அம்மாவிடம் "விறகை விடு" என்று சொல்வது? கேஸ் கைவிடும், மிலாறு கைவிடாது என்றுதான் சொல்கிறார்.

புகைபோக்கி

அனகி நல்ல பாடம். விற்பனைப் பொருளாக நிலைத்தது, பானை அளவுக்குப் பொருந்தியது. ஆனால் அதில் புகைபோக்கி கிடையாது, கவனித்தீர்களா? அது விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு. புகையை வெளியேற்றும் அடுப்பு இல்லை. லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ஜன்னல் சின்னது. அம்மாவின் கண் எரிச்சல் குறைந்ததா?

ஹட்டன்_பெடியன்

இல்லை. அது அப்படியேதான் இருக்கு.

நேர்பேச்சு

ஒரு சந்தேகம். அந்த ஹேப்பின் ஆய்வில் முழுக்க கேஸுக்கு மாறினார்களே, அதனால் குழந்தைகளுக்கு என்ன நன்மை கிடைத்தது? அதைச் சொல்லவே இல்லையே.

புகைபோக்கி

கேட்பீர்கள் என்று தெரியும். தாய் சுவாசித்த நுண்தூசு விறகு வீட்டில் கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம், கேஸ் வீட்டில் 24. பெரிய இறக்கம். ஆனால் பிறந்த குழந்தையின் எடை கேஸ் வீட்டில் 2921 கிராம், விறகு வீட்டில் 2898. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை. கர்ப்பத்தின் நடுவில்தான் அடுப்பு போய்ச் சேர்ந்தது, அதற்கு முன்பே பாதிப்பு நடந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். 24 கூட இன்னும் அதிகம் என்று சிலர். எனக்கு இதில் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. நாள்பட்ட இருமலும் பெரியவர்களின் நுரையீரல் நோயும் 18 மாதத்தில் தெரிகிற விஷயமும் இல்லை.

கொடியடுப்பு

குழந்தையின் எடையை மட்டும் ஏன் தராசில் போடுகிறீர்கள்? அம்மாவின் கழுத்து வலியை எந்த ஆய்வில் நிறுத்தார்கள்?

சிலிண்டர்_தம்பி

5 கிலோ சிலிண்டர் இருக்கிறதே, அதைக் கேட்டுப் பாருங்கள். 920-க்குப் பதில் கையில் முந்நூற்றுச் சொச்சம் இருந்தால் போதும். ஒளித்துச் சொல்வானேன், எங்கள் ஏஜென்சியில் அது அதிகம் வைப்பதில்லை. ஒரு நடைக்கு அதே டீசல், கமிஷன் குறைவு.

புகைபோக்கி

தம்பி சரியான இடத்தைத் தொட்டார். நைரோபியின் குடிசைப் பகுதிகளில் சிலிண்டரில் மீட்டர் வைத்து, செல்போனில் பத்து இருபதுக்குக் காசு போட்டு அந்த அளவுக்கு எரிக்கிறார்கள். சிலிண்டர் கம்பெனியுடையது, தீரப்போகிறது என்று மீட்டரே சொல்லிவிடும். விலை குறையவில்லை, ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டிய காசுதான் குறைந்தது. நம் ஊரில் தினம் பத்து ரூபாய்க்கு எண்ணெயும் ஐந்து ரூபாய்க்குப் புளியும் வாங்கும் வீட்டில் அடுப்பெரிக்க மட்டும் 920 ரூபாய் மொத்தமாகக் கேட்கிறோம். ஆனால் அந்த முறை நெருக்கமான நகரக் குடியிருப்பில்தான் கட்டுப்படியாகும். சிதறிக் கிடக்கும் கிராமத்தில் யார் நடத்துவார்கள் என்பது எனக்கும் தெளிவில்லை.

செஞ்சிப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 5 கிலோ சிலிண்டர் கேட்டோம், இருப்பு இல்லை என்றார்கள். அக்கா மகளிர் குழுவில் ஆயிரம் ரூபாய் எடுத்துப் பெரிய சிலிண்டரே வாங்கிவிட்டார்கள். மானியம் எந்தக் கணக்கில் விழும் என்று இப்போது தெரியும், அதைக் குழுவுக்குக் கட்டுவார்கள்.

நேற்று மாலை போனேன். புடவைச் சுற்றிய சிலிண்டர் அதே மூலையில், ரெகுலேட்டர் மாட்டி. தாழ்வாரத்தில் மிலாறு எரிகிறது. "என்னக்கா, நிறைஞ்ச சிலிண்டர் இருக்கே?" என்றேன். "காலையில பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறப்ப அதுலதான் செய்யறேன். மத்த நேரத்துக்கு எதுக்கு? ஐப்பசி வந்தா விறகெல்லாம் நனைஞ்சிடும், அதுவரைக்கும் வரணும்ல" என்றார்கள்.